சாவி கைப்பையில்தான் இருந்தது

அந்தக் காரைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தியது புரோக்கர்தான். கணவனுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். பழைய கார் விற்பதில் கைதேர்ந்தவர். வாய் திறந்தால் மூடமாட்டார்.

"சாவியை வெளிய எடுக்கவே வேணாம் அண்ணி. பையில கிடந்தா போதும். நீங்க பக்கத்துல போனதும் பக்கக் கண்ணாடி ரெண்டும் விரியும். கைப்பிடியைத் தொட்டா கதவு திறக்கும். பட்டனை அமுக்கினா ஸ்டார்ட். இதுல ஆப், மேப், பாட்டு எல்லாத்துக்கும் முதல் ஓனர் அஞ்சு வருஷத்துக்குச் சந்தா கட்டி வெச்சிருக்கார். உங்களுக்கு எல்லாம் ஓசி."

அவளுக்கும் அது பிடித்திருந்தது. வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்பவள் அவள். ஒரு கையில் மடக்குப் படுக்கை, இன்னொரு கையில் மின்சிகிச்சைப் பெட்டி. சாவியைத் தேடிப் பைக்குள் துழாவும் பாடு இனி இல்லை.

அந்த வாரமே ஆப்பைக் கைபேசியில் இறக்கிப் பார்த்தாள். இந்த வாகனம் ஏற்கெனவே வேறொருவர் கணக்கில் பதிவாகியுள்ளது என்று வந்தது. புரோக்கரைக் கேட்டாள். "அவர்கிட்ட சொல்லி நீக்கச் சொல்றேன் அண்ணி, அது ஒரு நிமிஷ வேலை" என்றார். அந்த ஒரு நிமிஷம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. மேப் வேலை செய்தது, பாட்டு பாடியது. அவளும் விட்டுவிட்டாள்.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில், வாசலில் நின்ற கார் தானாக ஹாரன் அடித்தது. விளக்குகள் மினுக்கின. அவள் கரண்டியும் கையுமாக ஓடி வந்து பார்த்தாள். தெருவில் யாரும் இல்லை. வண்டியைச் சுற்றி வந்தாள், டயருக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "வயர்ல எலி எதாவது கடிச்சிருக்கும்" என்று கணவன் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு ஒரு நாள் கண் ஆஸ்பத்திரியில் மாமியாருக்கு வலது கண்ணில் புரை நீக்கினார்கள். அறுவை நல்லபடியாக முடிந்தது. கண்ணுக்கு மேல் துளையிட்ட பிளாஸ்டிக் மூடி வைத்து ஒட்டியிருந்தார்கள். இடது கண்ணிலும் புரை முற்றிக் கிடந்ததால், அன்றைக்கு மாமியாருக்கு உலகமே புகைமூட்டம். ஆஸ்பத்திரி வண்டி நிறுத்தத்தில் நின்ற காரின் பின் இருக்கையில் மெல்லப் படுக்க வைத்தாள்.

"சொட்டு மருந்து வாங்கணும் அத்தை. இதோ வந்துடறேன். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வெச்சிருக்கேன். எழுந்திரிக்காம படுத்திருங்க."

"நீ வர்ற வரைக்கும் என்ன, நான் எழுந்து ஓட்டப் பந்தயத்துக்கா போகப்போறேன்? போய்ட்டு வா."

கைப்பிடியைத் தொட்டுப் பூட்டினாள். யாராவது கதவைத் திறந்துவிடக் கூடாதே என்ற எண்ணம்தான். பக்கக் கண்ணாடிகள் மடங்கிக்கொண்டன.

மருந்தகத்தில் கூட்டம். வரிசையில் அவளுக்குப் பின்னால் ஒருவன் வந்து நின்றான். நல்ல சட்டை, தோளில் அகலமான மடிக்கணினிப் பை. அந்தப் பையை முன்னால் இழுத்து அணைத்தபடி, அவளுடைய கைப்பையை உரசுவது போல நின்றான். அவள் ஒரு அடி நகர்ந்தாள். அவனும் நகர்ந்தான். திரும்பி முறைத்தாள். "சாரி" என்று சொல்லிவிட்டு, மருந்து எதுவும் வாங்காமலேயே போய்விட்டான். கிறுக்கன் என்று நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

இடம் மாறி வந்துவிட்டோமோ என்று அடுத்த வரிசைக்கு ஓடினாள். அதற்கடுத்த வரிசைக்கும் ஓடினாள். பைக்குள் கையை விட்டாள். சாவி இருந்தது. அதைப் பிடித்தபடியே வாயில் காவலாளியிடம் போனாள்.

"வெள்ளை வண்டியா? இப்பதான் போச்சு. நீங்கதான் யாரையோ அனுப்பியிருக்கீங்கன்னு நினைச்சேன். அவன் பாட்டுக்கு ஸ்டார்ட் பண்ணி ஓட்டிட்டுப் போனானே."

"உள்ள எங்க அத்தை இருக்காங்க" என்றாள்.

வாயிலுக்கு எதிரே காவல் சாவடி. அங்கிருந்த பெண் ஆய்வாளர் பதறவில்லை. வயர்லெஸ்ஸில் வண்டி எண்ணைச் சொன்னார். "இந்த வண்டி எங்க இருக்குன்னு கம்பெனிக்குத் தெரியும். கூப்பிடுங்க" என்றார்.

கம்பெனியின் உதவி மையத்தில் ஓர் இளம் குரல். பொறுமையாகக் கேட்டது, பொறுமையாகவே மறுத்தது. "இந்த வண்டி உங்க பேர்லயோ உங்க கணவர் பேர்லயோ எங்ககிட்ட பதிவாகலை மேடம். பதிவான வாடிக்கையாளர் கேக்கணும். இல்லன்னா காவல்துறையிலிருந்து எழுத்துமூலமா வரணும். வந்ததும் பார்த்துச் சொல்லுவோம்."

"உள்ள கண் ஆபரேஷன் பண்ணின வயசானவங்க இருக்காங்கம்மா."

"புரியுது மேடம். மெயில் அனுப்பச் சொல்லுங்க."

ஆய்வாளர் மெயிலுக்கு ஏற்பாடு செய்யப் போனார். வெயில் தார்ச்சாலையில் கொதித்தது. கண்ணாடி இரண்டு விரல் அளவுக்குத்தான் இறங்கியிருந்தது. அவள் புரோக்கரைக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் பழைய சொந்தக்காரரின் எண்ணை மட்டும் அனுப்பினார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் அவர். மெதுவான, மரியாதையான குரல். அவள் யார் என்று சொல்லத் தொடங்குமுன்னே, "சொல்லுங்க, பிசியோ மேடம்தானே?" என்றார்.

அவள் திரையில் எண்ணை ஒருமுறை சரிபார்த்தாள்.

"வண்டி கண் ஆஸ்பத்திரியிலேருந்து கிளம்பி ரொம்ப வேகமாப் போச்சு. நீங்க அப்படி ஓட்ட மாட்டீங்களே, என்னடான்னு பார்த்தேன்."

"வண்டியைத் திருடிட்டாங்க. இப்ப எங்க இருக்குன்னு தெரியுதா?"

"தெரியுதே. கிடங்கு ரோடு. சரக்கு லாரியெல்லாம் நிக்கிற இடம். கொஞ்ச நேரமா நகரலை. எஞ்சின் ஆஃப்."

ஆய்வாளர் கைபேசியை வாங்கி இடத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டார். ஜீப்பில் ஏறினார்கள். போகிற வழியில், "திருடினதும் உடனே பட்டறைக்குக் கொண்டுபோக மாட்டானுங்க" என்றார். "எங்கயாவது ஓரமா நிறுத்திட்டுத் தூரத்துல இருந்து பார்ப்பானுங்க. யாரும் தேடி வரலைன்னா வண்டியில டிராக்கர் இல்லன்னு அர்த்தம். அப்புறம்தான் பிரிப்பானுங்க."

கிடங்கு சாலையில் லாரிகளும் வேன்களும் மூடுதுணி போர்த்திய கார்களும் நெருக்கியடித்து நின்றன. வரைபடத்தில் ஒரு புள்ளி. நேரில் பார்த்தால் ஒரு கடல். அவள் வேன்களுக்கு நடுவே ஓடி, "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. கைபேசி இன்னும் தொடர்பில்தான் இருந்தது.

"கிடைக்கலையா?" என்றது அந்த மெதுவான குரல். "இருங்க, ஹாரன் அடிக்கிறேன். அது வேலை செய்யும். முன்னாடியே ஒரு தடவை அடிச்சுப் பார்த்திருக்கேன்."

வலப்பக்கத்தில் ஹாரன் அலறியது.

ஓடிக்கொண்டிருந்த அவளுக்கு, கையில் கரண்டியோடு தெருவில் நின்ற அந்த மாலை ஒரு கணம் கண்முன் வந்துபோனது. அதை எண்ணிப் பார்க்க அப்போது நேரமில்லை. ஒரு பெரிய லாரியின் நிழலுக்கு அப்பால் வெள்ளைக் கார் மினுக்கிக்கொண்டு நின்றது. போலி எண்பலகை மாட்டியிருந்தார்கள். சாவியோடு நெருங்கியதும் பழகிய நாய்போலக் கண்ணாடிகளை விரித்து, தொட்டதும் கதவைத் திறந்துவிட்டது.

மாமியார் வியர்வையில் தொப்பலாக நனைந்து, மூச்சு வாங்கப் படுத்திருந்தார்.

"எங்கடி போய்த் தொலைஞ்சே? தண்ணி குடு முதல்ல."

குடித்து முடித்ததும் பொரிந்து தள்ளினார். "அப்படியா வண்டி ஓட்டுறது? மெதுவாப் போ, மெதுவாப் போன்னு தொண்டை கிழியக் கத்துறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறே. உம்னு ஓட்டுறே. திடீர்னு பிரேக் போட்டே. வண்டியை எங்கயோ நிறுத்துனே. உன் தோளைத் தொட்டேன், உதறிட்டுக் கதவைச் சாத்திட்டுப் போயிட்டே. கதவைத் திறக்கப் பார்த்தா திறக்கலை. ஆபரேஷன் பண்ணின மனுஷியை இப்படித்தான் பண்ணுவியா?"

அவள் சீட்டின் விளிம்பில் உட்கார்ந்து மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை யாருடைய தோளைத் தொட்டது என்று சொல்ல மனம் வரவில்லை. பின் கதவுகளில் குழந்தைப் பூட்டு போட்டிருந்தது. நாத்தனார் பிள்ளைகளுக்காகப் போட்டது. எடுக்க மறந்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக் கேமராப் பதிவை ஆய்வாளர் மறுநாள் காட்டினார். மடிக்கணினிப் பையோடு அவளுக்குப் பின்னால் நிற்பவன் ஒருவன். காரின் கைப்பிடியில் கை வைத்து, அதேமாதிரிப் பையோடு காத்திருப்பவன் இன்னொருவன்.

"உங்க சாவியோட சிக்னலை அந்தப் பை பிடிச்சு, இந்தப் பைக்கு அனுப்புது. சாவி பக்கத்துல இருக்குன்னு வண்டி நம்பிடுது. ஓடத் தொடங்கின அப்புறம் சாவியைக் காணோம்னு திரையில எழுத்து வரும், அவ்வளவுதான். ஓடுற வண்டி நடு ரோட்டுல நின்னுடக் கூடாதுன்னு அணைக்க மாட்டாங்க."

பிடிபட்டவர்கள் யாரும் இல்லை.

சர்வீஸ் நிலையத்தில் மேற்பார்வையாளர், வண்டி வாங்கிய பத்திரங்களைச் சரிபார்த்து, பழைய கணக்கை நீக்கி, கணவன் பெயரில் புதுக் கணக்கு போட்டுக் கொடுத்தார். வண்டி எத்தனை சாவிகளை ஏற்கிறது என்று சோதித்தார். தொட்டால் திறக்கும் வசதியை அமைப்புகளில் போய் அணைத்தார். சாவி வைக்க சிக்னல் கசியாத சிறு பை ஒன்றைக் கொடுத்தார். "வாங்குறவங்க எல்லாரும் சீட்டு, மைலேஜ், கலர் பார்ப்பாங்க. இதை யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

"அந்த ஆப்ல என்னெல்லாம் தெரியும்?" என்று அவள் கேட்டாள்.

"எங்க போச்சு, எவ்வளவு நேரம் நின்னுச்சு, எல்லாம் தெரியும். இந்த மாடல்ல நிக்கிற வண்டியைச் சுத்திப் படமும் எடுத்துப் பார்க்கலாம். நாலு பக்கமும் கேமரா இருக்குல்ல."

கூட வந்திருந்த கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் வெளியே வந்து குழாயில் முகம் கழுவிக்கொண்டாள்.

வீட்டில் மாமியார் விடவில்லை. கண் தெளிந்துவிட்டது, ஊர் நடப்பும் தெளிந்துவிட்டது. "அந்த மனுஷன் மட்டும் இல்லன்னா நான் அந்த வண்டிக்குள்ளயே வெந்து போயிருப்பேன். ஒரு நன்றி சொல்ல வாய் வரலையா உனக்கு?"

சொல்லத்தான் வேண்டும். அது நியாயம்தான். கூடத்தில் நின்றபடி அவள் அந்த எண்ணைக் கூப்பிட்டாள். இப்போதும் முதல் மணியிலேயே எடுத்தார்.

"பெரிய உதவி செஞ்சீங்க. நாங்க மறக்க மாட்டோம்" என்றாள்.

"அம்மா நல்லா இருக்காங்களா? சந்தோஷம். வண்டி என் ஃபோன்ல இருந்து போயிடுச்சு. நேத்து சாயங்காலம் பார்த்தேன், இல்ல."

"சர்வீஸ்ல மாத்திட்டாங்க."

"மாத்த வேண்டியதுதான், நியாயம்தானே. வித்தப்பவே நான் நீக்கியிருக்கணும். நீக்கத் தோணலை. செவ்வாய்க்கிழமை ஏரிக்கரைப் பக்கம், வெள்ளிக்கிழமை அந்த மாடி வீடு... பார்த்துப் பார்த்து ஒரு பழக்கமாயிடுச்சு."

அவள் கைபேசியைக் காதிலிருந்து சற்று விலக்கினாள்.

"பரவாயில்ல. வீடு தெரியும். ஒரு நாள் வந்து அம்மாவைப் பார்க்கிறேன்."

தொடர்பு அறுந்தது. மாமியார் சோபாவிலிருந்து கழுத்தை நீட்டினார். "என்ன சொன்னார்? வர்றாராமா? வரட்டும், நல்ல மனுஷன்."

அவள் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். ஏரிக்கரை நோயாளிக்குக் கிழமையை மாற்றலாம். மாடி வீட்டுக்கு நேரத்தை மாற்றலாம். குடியிருக்கும் வீட்டை என்ன செய்வது? அவள் ஜன்னலைச் சாத்தப் போனாள்.