மூன்றாம் கட்டத்தில் ஒரு பிழை

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிறது ராஜதுரை சாரின் டியூஷன் சென்டர். செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். ஆகையால் எந்த வகுப்புக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வருகைப் பதிவேட்டைப் புரட்ட வேண்டியதில்லை. கலையரசி அந்தத் தை மாதம் முழுக்கப் புரட்டவும் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு எதிர்த்த டீக்கடையில் நின்று, டீ ஆறுகிற வரைக்கும் செருப்புகளை எண்ணினாள்.

சாயங்கால வகுப்பு அவளுடையதல்ல. அவளுடையது காலை ஆறரை மணி வகுப்பு. பதினேழு வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் நடத்துகிறாள். மாலை வகுப்பு லாவண்யாவுடையது. இருபத்தாறு வயதுப் பெண், ஊர் வேப்பந்தட்டை, பெரம்பலூரில் பஸ் மாறி வந்து போகிறாள். ஜூன் மாதம் அவள் சேர்ந்தபோது மாலையில் பதினேழு ஜோடி செருப்புதான் கிடந்தது. இப்போது முப்பத்தெட்டு. காலையில் நாற்பதாக இருந்தது பத்தொன்பதாகச் சுருங்கியிருந்தது. கூட்டல் கழித்தல் தெரிந்தவளுக்கு அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று யாரும் சொல்ல வேண்டுமா என்ன?

வயிறு எரிந்தது. வேறு எந்த நாகரிகமான வார்த்தையும் அதற்குப் பொருந்தாது.

எல்லாம் அந்தத் தாள்களால் வந்தது. லாவண்யா கூட்டாண்மைக் கணக்குகளைத் திருப்பிப் பார்ப்பதற்காக மூன்று தாள் தயாரித்திருந்தாள். தொழிலுக்கு இருக்கும் நற்பெயரைப் பணமாக மதிப்பிட நாலு கட்டம், புதுக் கூட்டாளியைச் சேர்க்க ஏழு கட்டம், பழைய கூட்டாளி விலகினால் ஏழு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் இடது பக்கம் 'கேள்வியில் எதைத் தேட வேண்டும்' என்று இருக்கும், வலது பக்கம் 'அதை வைத்து என்ன செய்ய வேண்டும்' என்று இருக்கும். கணக்கைக் கண்டாலே கைகால் உதறுகிற பிள்ளைகூட முதல் கட்டத்திலிருந்து இறங்கிக்கொண்டே போனால் கடைசியில் இருப்புநிலைக் குறிப்பில் வந்து நிற்கும். மஞ்சள் தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்றாக நோட்டில் ஒட்டிக்கொண்டார்கள். காலைப் பிள்ளைகளும் ஒட்டிக்கொண்டதுதான் கலையரசிக்குப் பொறுக்கவில்லை. அவள் பாடம் நடத்தும்போது நோட்டுக்குள்ளிருந்து அந்த மஞ்சள் எட்டிப் பார்த்தது.

"புரிஞ்சு படிக்கணும்டா. கட்டம் போட்டுப் படிக்க இது என்ன ஜாதகமா?" என்று ஒருநாள் கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அந்தத் தாளைப் பார்த்தே கணக்கைப் போட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை, பெஞ்சில் யாரோ விட்டுவிட்டுப் போன தாளை எடுத்துப் படித்தாள். குறை கண்டுபிடிக்கத்தான் படித்தாள், அதை மறைப்பானேன். கூட்டாளி சேர்ப்புத் தாள். ஒதுக்கு நிதியையும் பகிர்ந்து தரா இலாபத்தையும் பழைய விகிதத்தில் பழைய கூட்டாளிகளுக்குப் பிரிக்கச் சொல்லியிருந்தது, சரி. மறுமதிப்பீட்டு இலாபமும் பழைய விகிதம், அதுவும் சரி. மூன்றாவது கட்டத்தில் சிவப்பு மையில் பெட்டி கட்டி எழுதியிருந்தது: 'தியாக விகிதம் = பழைய விகிதம். புதுக் கூட்டாளி கொண்டுவரும் நற்பெயரை இதில் பிரி.'

கலையரசி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். புதியவர் தன் பங்கை யாரிடமிருந்து எவ்வளவு வாங்கினார் என்று கேள்வி ஒன்றும் சொல்லாதபோதுதான் அது சரி. சொல்லியிருந்தால் ஒவ்வொருவருக்கும் பழைய பங்கில் புதிய பங்கைக் கழித்து, யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒரு வரி நிபந்தனையை இந்தப் பெண் போடாமல் விட்டிருக்கிறாள்.

பல நாளைக்குப் பிறகு அன்றைக்கு மதியம் அவள் சாப்பாடு ருசித்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை, முதல் பெஞ்ச் கவியா நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சி.ஏ. படிக்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற பெண். ஒரு கணக்கைப் போட்டால் ஏன் அப்படி என்று நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டாள்.

"மிஸ், இந்த மூனாவது கட்டம் எல்லாக் கணக்குக்கும் ஒத்து வருமா?"

வாய்வரை வந்துவிட்டது பதில். விழுங்கிக்கொண்டாள்.

"எழுதுனவங்களையே போய்க் கேளு. என்னைய ஏன் கேக்குற?"

கவியா தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். காலையில் வருகிறவள் மாலை மிஸ்ஸை எங்கே போய்க் கேட்பாள்? கேட்கவில்லை. தப்பாக இருந்தால் மிஸ் சொல்லியிருப்பாரே என்றும் நினைத்திருப்பாள்.

அந்த வாரம்தான் ராஜதுரை சார் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். பொதுத்தேர்வுக்கு முன்னால் கடைசி ஞாயிறு ஐம்பத்தேழு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே சிறப்பு வகுப்பு. கூட்டாண்மை முழுவதையும் ஒருவரே திருப்பி நடத்த வேண்டும். வருஷா வருஷம் அது கலையரசியின் வகுப்பு.

"இந்தத் தடவை ரிவிஷன் டெஸ்ட் பேப்பரைப் பாத்துட்டு யாருன்னு முடிவு பண்ணலாம். தப்பா எடுத்துக்காதீங்க கலை மேடம்" என்றார்.

"இதுல என்ன சார் இருக்கு" என்றாள் கலையரசி. உள்ளுக்குள் புகைந்தது. ஆனால் டெஸ்டுக்குக் கேள்வி எடுப்பது அவள் முறை.

எடுத்தாள். அருணும் பாலுவும் மூன்றுக்கு இரண்டு என்று இலாபத்தைப் பிரித்துக்கொள்கிறவர்கள். சேகரை ஐந்தில் ஒரு பங்குக்குச் சேர்க்கிறார்கள். அந்தப் பங்கை அவர் இருவரிடமிருந்தும் சரிசமமாகப் பெறுகிறார். நற்பெயருக்காக இருபதாயிரம் கொண்டுவருகிறார். ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு விட்டுக்கொடுத்திருப்பதால் தியாக விகிதம் ஒன்றுக்கு ஒன்று, இருவருக்கும் பத்துப் பத்தாயிரம். மஞ்சள் தாளை நம்பினால் பன்னிரண்டாயிரம், எட்டாயிரம் என்று போகும். இதில் இன்னொரு கூத்து, எப்படிப் பிரித்தாலும் கூட்டாளிகளுடைய முதலின் மொத்தம் ஒன்றுதான். இருப்புநிலைக் குறிப்பு இரண்டு பக்கமும் அழகாகச் சமமாகிவிடும். பிள்ளைகள் சந்தேகமே படாமல் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போவார்கள்.

போனார்கள். கலையரசி விடைத்தாள் கட்டைப் பிரித்து, மாலை வகுப்பிலிருந்து ஆரம்பித்தாள். பன்னிரண்டு, எட்டு. பன்னிரண்டு, எட்டு. ஒவ்வொன்றாகச் சுழித்தபோது சிவப்புப் பேனா தானாக ஓடியது. முப்பத்தெட்டில் முப்பத்தாறு தப்பு. அப்புறம் தன் பிள்ளைகளின் கட்டை எடுத்தாள். இவர்களுக்கு ஆகஸ்டிலேயே விளக்கி நடத்தியிருக்கிறோம், தாளை ஒட்டினாலும் நம் பேச்சைத்தான் கேட்பார்கள் என்று நினைத்திருந்தாள்.

பன்னிரண்டு, எட்டு. பத்தொன்பது பேரில் பதினாறு பேர். அதில் ஒருத்தி கவியா.

பேனா நின்றுவிட்டது. பொதுத்தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

மறுநாள் ராஜதுரை சார் விடைத்தாள்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார். லாவண்யா கேள்வியைப் படித்தாள், தன் தாளைப் பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது. இப்போது சாக்குச் சொல்வாள் என்று கலையரசி காத்திருந்தாள். பிரிண்ட் எடுத்த கடைக்காரன் தப்பு, பிள்ளைகள் கவனிக்கவில்லை, ஏதாவது.

"தப்பு என்னோடது சார். கேள்வியில ஒன்னும் சொல்லலைன்னாதான் பழைய விகிதம். அதை எழுதாம விட்டுட்டேன்" என்றாள் லாவண்யா. பிறகு கலையரசியின் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "நல்லவேளை அக்கா, நீங்க இந்தக் கணக்கைக் குடுத்தீங்க. பப்ளிக்ல போயி எல்லாரும் இப்படி எழுதியிருந்தா நான் என்ன ஆயிருப்பேன்?"

கலையரசி மேசையிலிருந்த விடைத்தாள்களை ஒன்றாகச் சேர்த்து அடுக்கினாள். மூன்று வாரமாக அந்தப் பெண்ணை மனசுக்குள் திட்டிய திட்டுக்கெல்லாம் அவள் கொஞ்சமாவது தகுதியானவளாக இருந்திருக்கக் கூடாதா? இல்லை. அதுவும் எரிச்சலாக வந்தது.

"ஞாயித்துக்கிழமை கிளாஸ் நீங்களே எடுங்க மேடம்" என்றார் ராஜதுரை சார். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது.

இரண்டு நாளில் புதுத் தாள் வந்தது. மூன்றாவது கட்டத்தில் இரண்டு வழியும் பிரித்து எழுதியிருந்தது. அடியில் லாவண்யா ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'திருத்தித் தந்தவர்: கலையரசி மிஸ்.' காலை வகுப்பில் அதைக் கொடுத்தபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் கலையரசியின் கன்னத்தில் விழுந்தது போலிருந்தது.

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகும் கவியா போகவில்லை. விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், நான் அன்னைக்குக் கேட்டப்பவே இது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?" கேட்டுவிட்டு அவளே அவசரமாகச் சொன்னாள், "தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்கல்ல மிஸ். சும்மாதான் கேட்டேன்."

ஆமாம் என்று ஒரு தலையாட்டு போதும். பதினேழு வருஷப் பெயர் அப்படியே இருக்கும். கலையரசி ஜன்னல் வழியாகக் கீழே லாரி போவதைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள். "அவ மேல இருந்த பொறாமையில சொல்லல."

கவியா கோபப்படவில்லை. விடைத்தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "வரேன் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. ஐம்பத்தேழு ஜோடி. கலையரசி செருப்புகளைத் தாண்டித் தாண்டி மேலே ஏறினாள். கூட்டாளி விலகலை எடுத்துக்கொண்டாள். லாவண்யாவின் தாளிலிருந்த வரிசையிலேயே நடத்தினாள், அதைவிட நல்ல வரிசை அவளிடம் இல்லை. ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு என்று பிரித்துக்கொண்ட மூவரில் நடுவில் உள்ளவர் விலகுகிறார். மீதி இருவரின் புதிய விகிதம் மூன்றுக்கு இரண்டு. நற்பெயர் அறுபதாயிரம், விலகுகிறவர் பங்கு பதினெட்டாயிரம்.

"இங்க ஆதாய விகிதம். சேர்ப்புக்குப் போட்டதை அப்படியே திருப்பிப் போடணும். புதிய பங்குலேருந்து பழைய பங்கைக் கழி" என்று சொல்லிக்கொண்டே பலகையில் எழுதினாள். "ஒருத்தருக்குப் பத்துல ஒன்னு, இன்னொருத்தருக்குப் பத்துல ரெண்டு. ஒன்னுக்கு ரெண்டு. அப்ப முதலாமவர் ஆறாயிரம், மத்தவர் பன்னிரண்டாயிரம் பற்று. விலகுறவருக்குப் பதினெட்டாயிரம் வரவு."

ஐம்பத்தாறு பேரும் அவள் எழுத எழுத எழுதினார்கள்.

முதல் பெஞ்சில் கவியா மட்டும் பேனாவை எடுக்கவில்லை. மடியில் பாடப்புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் நோட்டில் எழுதினாள். கலையரசி அவள் எழுதி முடிக்கிற வரைக்கும் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றாள். அடுத்த வரிக்கும் அப்படித்தான் நிற்க வேண்டியிருந்தது.