மடிப்பு உள்ளே இருக்கிறது

இணையத்தில் விற்றுத் திரும்பி வந்த பிள்ளைகளின் பாவாடை சட்டைகள் கடையின் பின்னறைக் கம்பியை நிறைத்திருந்தன. எல்லாம் பெரிசு என்று வந்தவை.

"தீபாவளியோடை இணைய விற்பனையை மூடுறன்," என்றார் இம்மாகுலேற். கடை அவருடையது. "லா ஷப்பல் கடைத்தெருவுக்கு வாற சனம் காணும்."

இணையப் பக்கத்தில் உடுப்புகளுக்கு விளக்கம் எழுதுவது சுஜாந்தி. பக்கத்தை மூடினால் அவளுக்கு வேலை இல்லை.

"அளவு அட்டவணை போட்டிருக்கிறன், அக்கா. பிறகும் ஏன் பெரிசா எடுக்கினம்?"

"திருப்பிக் கொண்டு வாறவையைக் கேள்."

அடுத்து வந்தவர் தவசீலன், கார்ஜ் புறநகரிலிருந்து. பையில் பத்து வயது அளவுப் பாவாடை சட்டை.

"பிள்ளைக்கு எத்தினை வயது, அண்ணை?"

"எட்டு."

"உயரம்?"

"நூற்றி இருபத்தேழு சென்ரிமீற்றர்."

"அப்ப எட்டுத்தானே அளவு. ஏன் பத்து எடுத்தனீங்கள்?"

"வளருற பிள்ளை. அடுத்த வருசமும் போட வேணுமெல்லே." அவர் சிரித்தார். "போட்டுப் பாத்தா, தடக்கி விழுறாள்."

சுஜாந்தி எட்டு வயதுப் பாவாடையை எடுத்து உட்பக்கம் திருப்பினாள். விளிம்புக்கு மேலே நான்கு விரல் அகல மடிப்பு. சட்டையின் பக்கத் தையலிலும் துணி விட்டிருந்தது.

"இதை அவிழ்த்தா அடுத்த வருசத்துக்குக் காணும்."

"அட, இதை நீங்கள் எழுதேல்லையே!"

அவர் எட்டை வாங்கிப் போனார்.

"மடிப்பு எல்லாப் பாவாடையிலையும் இருக்கும்," என்றார் இம்மாகுலேற். "அதையும் எழுதுறதோ?"

"எழுதுறன், அக்கா."

அன்றே பக்கத்தில் இருந்த விளக்கத்தை மாற்றினாள். பிரெஞ்சில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.

*பிள்ளையின் உயரத்தை இன்று அளந்து, அந்த அளவையே எடுங்கள். வளரும் பிள்ளைக்கென்று கூட்ட வேண்டாம். உள்ளே மடிப்பு இருக்கிறது, அடுத்த வருடம் அவிழ்க்கலாம். குளிருக்கு உள்ளே மெல்லிய பெனியன் போட இடமுண்டு. வெளித்துணி பொலியெஸ்டர், பட்டு அல்ல. உள்துணி பருத்தி, சரிகை தோலில் உரசாது. அளவு பிழைத்தால், போட்டுப் பார்ப்பதோடு நிறுத்தி, விலை அட்டையைக் கழற்றாமல் பதினான்கு நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள். சரியான அளவை எங்கள் செலவில் அனுப்புவோம்.*

இம்மாகுலேற் வாசித்தார்.

"பட்டு இல்லையெண்டு நாங்களே சொல்லுறதோ?"

"பிள்ளைக்குக் கடிக்காதெண்டும் சொல்லுறமே."

மடிப்பின் படத்தையும் போட்டாள்.

தீபாவளிக்கு முதல் வாரம் பொதிகள் போயின. பிறகு இருவரும் காத்திருந்தார்கள். இரண்டு திரும்பி வந்தன. ஒன்று சின்னது என்று. மற்றது நிறம் பிடிக்கவில்லை என்று.

முன்பு திரும்பியவையும் விற்றுப் போய், பின்னறைக் கம்பி காலி. இம்மாகுலேற் அதில் தன் குளிர் அங்கியைக் கொழுவினார்.

"பொங்கலுக்கு இணையத்திலை வேட்டி சட்டையும் போடு," என்றார். "பெடியங்களின்ரை."

அடுத்த ஆண்டு ஐப்பசியில் தவசீலன் அதே பையோடு வந்தார். இம்மாகுலேற்றின் முகம் சுருங்கியது.

"மாத்தவோ?"

"இல்லை, அக்கா." பாவாடையை மேசையில் விரித்தார். "அவிழ்க்க."

சுஜாந்தி கத்தரிக்கோலை எடுத்தாள்.