நாலாம் நம்பர் நின்ற நேரம்

கணவனின் கைபேசியைத் திறந்து பார்க்கிற பழக்கம் அவளுக்கு இருந்ததில்லை. அந்தச் சனிக்கிழமை மாலை அவன் குளிக்கப் போயிருந்தபோது, சமையலறை மேடையில் சார்ஜில் கிடந்த பேசி இரண்டு முறை மினுங்கியது. திரையில் தெரிந்த பெயர் 'இன்ஜினியர் மேடம்'. அவ்வளவுதான், கை தானாகப் போய்விட்டது.

திறந்து பார்த்தாள். காதல் கீதல் என்று ஒன்றும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால்கூட அழுது தீர்த்திருப்பாள். இருந்தது இதுதான்:

'மேடம், 4 இன்னிக்கு காலைல 9.15க்கு நின்னுச்சு. போர்டு லைட் எல்லாம் ஒரு தடவை அணைஞ்சு திரும்ப வந்துச்சு. ஆயில் சூடு நார்மல்தான். அப்போதான் பின்னாடி அரவை ரூம்ல மோட்டார் போட்டாங்க. ரீசெட் பண்ணி, பழையபடி சூடேத்தி எடுக்க 12 நிமிஷம் ஆச்சு.'

ஐந்து வரி. முற்றுப்புள்ளியெல்லாம் வைத்து.

அவள் தன் பேசியை எடுத்து அதே நாள் செய்தியைப் பார்த்தாள். அதில் இருந்தது: '4 மறுபடி படுத்துடுச்சு. ரீசெட் போட்டு ஓடுது. சாப்டியா.'

இருவருக்கும் ஒரே தொழிற்சாலைதான். பிளாஸ்டிக் மூடி வார்க்கும் இடம். அவன் வார்ப்புக் கூடத்தின் மேற்பார்வையாளன். அவள் மாடியில், பராமரிப்பு அலுவலகத்தில். கூடத்தில் எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும் அவன் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டிவிடுவான். அவள் அதைப் படிவத்தில் ஏற்றி அறிக்கையாக்குவாள். இயந்திர எண், நின்ற நேரம், அறிகுறி, காரணம், செய்த வேலை, இழந்த நிமிடங்கள் என்று கட்டம் கட்டமாக. 'படுத்துடுச்சு' என்றால் தானாக நின்றது. 'அழுவுது' என்றால் எண்ணெய் கசிவு. 'மூணு கோவிச்சுக்கிட்டு இருக்கு' என்றால் மூன்றாம் நம்பரின் அச்சு சரியாக மூடவில்லை. நான்கு வருடமாக அவனுடைய கொச்சைப் பேச்சுக்கு அவள்தான் அகராதி. அதில் அவளுக்கு ஒரு கர்வமும் உண்டு. 'எம் பொண்டாட்டி எழுதினா சரியாத்தான் இருக்கும்' என்று அவன் கட்டுக் கட்டாக, படிக்காமலேயே கையெழுத்துப் போடுவான். உலகத்தில் எத்தனை பெண்களுக்கு இப்படி ஒரு நம்பிக்கை கிடைக்கும் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

மூன்று வாரத்துக்கு முன்புதான் அந்தப் புது இன்ஜினியர் வந்தாள். படிப்பு முடித்து நான்கைந்து வருடம் இருக்கும். குட்டை முடி, பை நிறைய பேனா. எதைச் சொன்னாலும் 'எப்போ?' என்று கேட்பதால் கூடத்தில் அவளுக்கு 'எப்போ மேடம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. வந்த கையோடு, பழுதுகளைத் தனக்கும் நேரடியாகச் சொல்லும்படி அவனிடம் கேட்டுக்கொண்டாள். அவனும் தலையாட்டினான். அவனை அவள் 'சார்' என்று கூப்பிடுவாள். கூடத்தில் எல்லோருக்கும் அவன் அண்ணன். 'சார்' என்று கேட்டதும் அந்த மனுஷன் முதுகு ஒரு அங்குலம் நிமிர்ந்ததை மாடிப்படியில் நின்று இவளே பார்த்திருக்கிறாள்.

இவளை மட்டும் 'அக்கா' என்பாள். ஐந்து வயது வித்தியாசத்துக்கு அக்கா.

அவன் அனுப்பிய பழைய செய்திகளைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று இன்ஜினியர் இந்த அக்காவிடம் இரண்டு முறை கேட்டும் பார்த்தாள். அது என் சொந்தப் பேசி, அப்புறம் பார்க்கலாம் என்று இவள் முகம் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே வந்த கணவன், நாலாம் நம்பர் அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பதினெட்டு வருடமாக அந்த இயந்திரத்தை ஓட்டுகிற பெண்மணி. தேநீர் இடைவேளையை நீட்டிக்கொள்வதற்காக வேண்டுமென்றே இயந்திரத்தை நிறுத்துகிறார் என்று அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிருந்தது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை.

"அந்தக்கா அப்படிப்பட்டவங்க இல்லைன்னு தலைபாடா அடிச்சுக்கறேன். மேனேஜர் காதுல ஏறல," என்றான். "ரிப்போர்ட்ல இருக்காம். நான் சொல்றதைக் கேக்கறது அந்த இன்ஜினியர் பொண்ணு ஒண்ணுதான்."

கடைசி வாக்கியம் மட்டும்தான் அவள் காதில் விழுந்தது.

"எனக்கு ரெண்டு வரி, அவளுக்கு அஞ்சு வரியோ?" என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் பேசியைப் பார்த்தது தெரிந்துவிடும். அதனால் தட்டைச் சற்று ஓங்கி வைத்தாள். ஞாயிறு முழுக்க வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு அந்த எண்ணம் முளைத்தது. அவன் ஏதோ நினைவில் ஒன்பதேகால் என்று எழுதியதை இன்ஜினியர் அப்படியே குறித்து வைத்திருப்பாள். இவளுடைய அறிக்கையிலோ பத்து முப்பத்தொன்று. செய்தியின் ஓரத்திலேயே நேரம் இருக்கிறதே, அதைவிடச் சாட்சி வேண்டுமா? இந்த லட்சணத்தில் 'எப்போ மேடம்' என்று பெயர் வேறு. விசாரணையில் பேசியை நீட்டி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட வேண்டும். நான்கு வருட வேலை எது, நேற்று முளைத்தது எது என்று தெரியட்டும்.

திங்கட்கிழமை காலை, விசாரணைக்காக நாலாம் நம்பரின் அறிக்கைகளை வரிசையாக எடுத்து அடுக்கினாள். இரண்டு மாதத்தில் பதினொன்று. தனித்தனியாக எழுதியபோது தெரியாதது, சேர்த்து அடுக்கியபோது தெரிந்தது. 10.31. 10.33. 10.30. 10.34. எல்லாம் பத்தரையை ஒட்டியே. அதைப் பார்த்துத்தான் மேலாளர் தேநீர் இடைவேளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

சரி, அந்தப் பெண்மணி உண்மையிலேயே நிறுத்துகிறார் போல என்று நினைத்தபடி, செய்திகளையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றின் முடிவிலும் 'சாப்டியா'. நான்காவதோ ஐந்தாவதோ 'சாப்டியா'வில் விரல் நின்றது.

கூடத்துக்குள் கைபேசி கூடாது. அவன் அதை உடைமாற்றும் அறையில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவான். பத்தரைக்கு இடைவேளை மணி அடித்ததும் வெளியே வந்து, ஒரு கையில் தேநீரும் ஒரு கையில் பேசியுமாக முதலில் அவளுக்குத்தான் எழுதுவான். இது அவளுக்குத் தெரியாதா? அந்தப் பத்தரைக்காகத் தினமும் மேசையில் பேசியை நிமிர்த்தி வைத்துக் காத்திருப்பவளே அவள்தானே. அவன் எழுதிய நேரம் அது. இயந்திரம் நின்ற நேரம் இல்லை. 'நின்ற நேரம்' என்ற கட்டத்தில் நான்கு வருடமாக அவள் எழுதி வந்தது, கணவன் தன்னை நினைத்த நேரத்தை.

ஒரு தடவைகூட அவனிடம் கேட்டதில்லை. அவன் மனசில் இருப்பது தனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டாள்.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. திறந்தால், அந்தக் குட்டை முடிக்காரி எதிரில், கணவன் எதிரில், பதினொரு தப்பையும் தானே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம், நிஜமாகவே ஒரு நிமிடம், அவள் தராசில் அந்தப் பெண்மணியின் பதினெட்டு வருடமும் தன் மானமும் சரிசமமாக நின்றன. அதை நினைத்துப் பிற்பாடு பல நாள் வெட்கப்பட்டாள்.

பதினொரு மணிக்கு மேலாளர் அறையில் நாலாம் நம்பர் அக்கா கைகளைக் கோத்துக்கொண்டு நின்றிருந்தார். அவன் சுவரோரம். இன்ஜினியர் தன் நோட்டைப் பிரித்து, தான் குறித்த மூன்று நாளும் ஒன்பதேகாலுக்குத்தான் நின்றது, கழிவு பிளாஸ்டிக்கை அரைக்கும் அரவை இயந்திரம் கிளம்பும்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து, அதே மின் லைனில் உள்ள நாலின் கட்டுப்பாட்டுப் பலகை அணைகிறது என்று நினைப்பதாகச் சொன்னாள். மேலாளர் பதினொரு அறிக்கையையும் அவள் பக்கம் தள்ளி, மூன்று பெரிதா பதினொன்று பெரிதா என்று கேட்டார். இன்ஜினியர் இவளைத் திரும்பிப் பார்த்தாள்.

இவள் எழுந்தாள்.

"சார், அந்த நேரம் மெஷின் நின்ன நேரம் இல்ல. எனக்கு மெசேஜ் வந்த நேரம்," என்றாள். "அவர் பிரேக்குக்கு வெளிய வந்துதான் எழுதுவார். நான் அதையே போட்டுட்டேன். பதினொண்ணும் என் தப்பு."

கணவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. படிக்காமல் போட்ட பதினொரு கையெழுத்தும் அவனுடையவை.

அப்படியானால் உண்மையான நேரம் எது என்றார் மேலாளர். நாலாம் நம்பர் அக்கா அப்போதுதான் முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"மணிக்கு எத்தனை மூடி வந்துச்சுன்னு நான் தாள்ல எழுதறேனே சாமி. அதை யாராச்சும் பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. தாள்கள் வந்தன. பதினொன்றில் ஒன்பது நாளில் ஒன்பதிலிருந்து பத்து வரையான மணியில்தான் எண்ணிக்கை குறைந்திருந்தது. பத்திலிருந்து பதினொன்று வரை, இடைவேளை போக, வழக்கமான எண்ணிக்கை. மற்ற இரண்டு நாள் தாள்களில் எண்ணெய்க் கறை படிந்து ஒன்றும் தெரியவில்லை. மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகவும், அரவை அறைக்குத் தனி லைன் போட்டுப் பார்க்கலாம் என்றும், பதினொரு அறிக்கையும் நாளைக் காலைக்குள் திருத்தி வர வேண்டும் என்றும் சொன்னார். நாலாம் நம்பர் அக்கா வெளியே போகும்போது இவள் தோளை லேசாகத் தட்டிவிட்டுப் போனார். அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம் என்று இவளுக்கு இருந்தது.

மாலையில் சாப்பாட்டு மேசையில் அறிக்கைகளைப் பரப்பினாள். அவன் எதிரில் உட்கார்ந்தான்.

"உங்க போனைப் பாத்தேன். சனிக்கிழமை," என்றாள் அவளே.

"தெரியும். அன்னிக்குத் தட்டு விழுந்த சத்தத்துலயே தெரியும்."

"அவளுக்கு மட்டும் கதை கதையா எழுதறீங்க."

"அவ கேட்டா, சொன்னேன். நீ கேக்கவே மாட்டியே. உனக்குத்தான் நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் தெரியுமே," என்றான். குத்தலாகச் சொல்லவில்லை, அதனாலேயே அதிகமாகக் குத்தியது.

அவள் முதல் தாளை இழுத்துக்கொண்டாள். 'நின்ற நேரம்' என்ற கட்டத்தைக் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தாள்: நின்ற நேரம், செய்தி வந்த நேரம். "சொல்லுங்க. அன்னிக்கு எப்போ நின்னுச்சு? அப்போ நீங்க எங்க இருந்தீங்க? யார் முதல்ல பாத்தாங்க?"

அவன் சொன்னான். சொல்லச் சொல்ல, கூடத்தில் எந்த மூலையில் எந்த ஓசை எழும், அரவை மோட்டார் கிளம்பினால் விளக்குகள் எப்படி ஒருமுறை கண் சிமிட்டும் என்று அவளுக்கு இதுவரை சொல்லாததெல்லாம் வந்தது. மறந்ததை மறந்துவிட்டதாகச் சொன்னான். அவள் 'சரியாகத் தெரியவில்லை' என்றே எழுதினாள், ஊகித்து நிரப்பவில்லை. கறை படிந்த அந்த இரண்டு நாளில் வந்து இருவரும் முட்டி நின்றார்கள். அரவை அறைப் பதிவேடு இன்ஜினியரிடம் இருக்கும் என்றான் அவன்.

அவள் பேனாவை மூடினாள், திறந்தாள். பிறகு அவன் பேசியை நகர்த்திவிட்டுத் தன் பேசியிலேயே இன்ஜினியரின் எண்ணை அழுத்தினாள்.

"நான்தான்... அக்கா பேசறேன்," என்று ஆரம்பிப்பதற்குள் மென்று விழுங்கினாள்.

பதிவேட்டின் படம் பேசிக்கு வந்தது. ஒன்று ஒத்துப் போயிற்று. மற்றொரு நாள் அரவை இயந்திரம் ஓடவே இல்லை. அன்று நாலாம் நம்பர் ஏன் நின்றது என்று அந்தப் பெண் கேட்க, இவள் ஏதோ சொல்ல, அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவன் பாத்திரங்களைக் கழுவி முடித்தான். மேசையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

"மெஷினைப் பத்தியா இவ்வளவு நேரம்?" என்றான், கடிகாரத்தைப் பார்த்தபடி. "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

அவள் ஒரு விரலைத் தூக்கி அவனைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, பதினோராவது தாளில் எழுதத் தொடங்கினாள்.