கவர் எண் 77

ஏற்காட்டிலும் சேர்வராயன் மலையைச் சுற்றியுள்ள எல்லாக் கிராமங்களிலும் வாழும் பொதுமக்களுக்கு இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், பாஷா ஸ்டுடியோவின் ‘வாங்காத போட்டோ’ வரிசை கடந்த ஞாயிற்றுக்கிழமை தனது நூற்று நாற்பத்தெட்டாவது வாரத்தை எட்டியது. இம்மாபெரும் நிகழ்வை உலகெங்கும் பதினொரு பேர் விரும்பினார்கள். அவர்களில் ஒருவர் கேப்ஷன் எழுதிய பெரியநாயகம். இன்னொருவர், அவர் வற்புறுத்தியதால் லைக் போட்ட அவருடைய மச்சான்.

பெரியநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. கொட்டச்சேடு பக்கம் ஒரு எஸ்டேட்டில் முப்பது வருடம் ரைட்டராக இருந்து, ஆள் கணக்கும் மழைக் கணக்கும் எழுதி ஓய்வு பெற்றவர். அத்தனை வருடம் எழுதியும் அவர் எழுத்தைப் படித்துச் சிரித்தவர் யாருமில்லை. ஒரே ஒருமுறை மேனேஜர் சிரித்தார். அதுவும் கூட்டல் தப்பாக இருந்ததால்.

ஆகையால் மூன்று வருடத்துக்கு முன் பாஷா ஸ்டுடியோவை நடத்தும் அமீர் ஜான் பாய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டியபோது, பெரியநாயகம் தன் காலம் வந்துவிட்டது என்று நினைத்ததில் தவறில்லை. பெட்டிக்குள் முந்நூற்றுச் சொச்சம் பழுப்புக் கவர்கள். பாயின் அத்தா, அதாவது அப்பா, சாதிக் பாஷா எடுத்த போட்டோக்கள். வந்தார்கள், நின்றார்கள், சிரித்தார்கள், திரும்பி வரவேயில்லை. படகு ஏறிய உற்சாகத்தில் எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடியவர்கள், தேனிலவுக்காரர்கள், உள்ளூர்க்காரர்கள். கழுவிக் காயவைத்த படங்கள் அப்படியே கிடந்தன. வாரம் ஒன்றை ஸ்கேன் செய்து ஸ்டுடியோவின் இணையப் பக்கத்தில் போடலாம் என்பது பாயின் மகள் பர்ஹானாவின் யோசனை. அவள் சேலத்தில் ஒரு விளம்பரக் கம்பெனியில் நகைக்கடைகளின் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறவள். யாராவது வேண்டாம் என்று போன் செய்தால் அன்றைக்கே எடுத்துவிடுவது என்றும் முடிவானது.

முதல் வரியும் கடைசி வரியும் மாறாது. ‘கவர் எண் இன்னது. இன்னும் யாரும் வந்து வாங்கவில்லை’ என்று தொடங்கும். ‘கடை திறந்துதான் இருக்கிறது’ என்று முடியும். நடுவில் இரண்டு வரி பெரியநாயகம் எழுத வேண்டும்.

முதல் வருடம் அது பிய்த்துக்கொண்டு போனது. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நிற்கும்போது, “ஏனுங்க ரைட்டரு, இந்த வாரம் நொம்ப நல்லா இருந்துச்சுங்க” என்று நாலு பேராவது சொல்வார்கள். பத்தொன்பது பேர் நிஜமாகவே வந்து படத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் அழுதார். பாய் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்போது கோவில் வாசலில் மிளகு விலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

நூற்று நாற்பத்தெட்டுக்கு மறுநாள் பர்ஹானா ஸ்டுடியோவுக்கு வந்தாள். இப்போது ஸ்டுடியோ என்பது ஒரு ஜெராக்ஸ் மெஷினும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒரு வெள்ளைத் திரையும். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பெரியநாயகத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“மாமா, கோவிச்சுக்கக் கூடாது.”

“நானு எதுக்கு கண்ணு கோவிச்சுக்கறேன்?” என்றார், முன்கூட்டியே கோபித்துக்கொண்டு.

“மூணாவது வாரம் நீங்க எழுதுனதப் படிக்கிறேன். ‘அப்பா எல்லாரையும் சிரிக்கச் சொன்னார். அவர் மட்டும் மறந்துவிட்டார்.’ பத்தொம்பதாவது வாரம், ‘மூக்குத்தி புதிது. அதனால்தான் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறார்.’ அந்த ரேடியோக்காரர் நாப்பதாவது. ‘ரேடியோ இவருடையது அல்ல. பிடித்திருக்கும் விதத்திலேயே தெரிகிறது.’ இதெல்லாம் எங்க ஆபீஸ்ல படிச்சுக் காட்டியிருக்கேன் மாமா.”

பெரியநாயகம் அடக்கமாக இருக்க முயன்றார். வரவில்லை.

“இப்ப நேத்து போட்டது. ‘காலமெனும் நதியின் கரையில், நினைவெனும் தோணி ஏறி, அந்தக் காலத்தில் ஏழைகளின் ஊட்டியாம் எழில்மிகு ஏற்காட்டில்...’ பதினோரு வரி. போட்டோவுல யாரு இருந்தாங்கன்னு சொல்லுங்க பாப்போம்.”

“புருசன் பொண்டாட்டி.”

“அண்ணன் தங்கச்சி. மூஞ்சி அப்படியே ஒண்ணா இருக்கு.”

பாய் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் காகிதம் சிக்கியதுபோல் குனிந்துகொண்டார்.

“கடைசி நாப்பது வாரத்துல முப்பத்தோரு தடவ ‘அந்தக் காலத்தில்’ வந்திருக்கு. ஏழைகளின் ஊட்டி நாலு. மொதல்ல நீங்க படத்தப் பாத்து எழுதுனீங்க மாமா. இப்ப உங்களப் பாத்து எழுதறீங்க.” அவள் குரலைத் தணித்தாள். “நூத்தம்பதோட நிறுத்திக்கலாம்னு அத்தாகிட்டச் சொல்லியிருக்கேன். இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. ஆனா தேறுச்சுன்னா நிறுத்த வேண்டாம்னு நானே சொல்வேன், சத்தியமா.”

எஸ்டேட்டில் ஓய்வு கொடுத்தபோது அவருக்கு ஒரு மாலையும் சுவர்க் கடிகாரமும் கிடைத்தன. இங்கே அதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது ஆறு வார நாட்கள் என்று அவருக்குத் தோன்றியது. அந்த ஆறிலும் ஏற்கெனவே ஒன்றுமில்லை.

சரி, புதுமை செய்து காட்டுவோம் என்று இறங்கினார். எது மாற வேண்டுமோ அதை விட்டுவிட்டு, எது மாறக் கூடாதோ அதை மாற்றினார். நூற்று நாற்பத்தொன்பதாவது வாரத்தில் கவர் எண்ணைத் தூக்கினார். ‘கடை திறந்துதான் இருக்கிறது’ என்பதற்குப் பதில் ‘கதவுகள் காத்திருக்கின்றன’ என்று போட்டார். அவர் எழுதியதை எழுதியபடியே பர்ஹானா வெளியிட்டாள். திங்கள் காலை பதினோரு மணிக்குள் மூன்று பேர் ஸ்டுடியோவுக்குப் போன் செய்தார்கள். வெள்ளக்கடையிலிருந்து ஒருவர், “ஏனுங்க பாய், கடைய மூடிட்டீங்களாமா? உடம்புக்கு என்னங்க?” என்று விசாரித்தார்.

“பாத்தீங்களா மாமா?” என்றாள் பர்ஹானா போனில். “அந்த ரெண்டு வரிக்காகத்தான் சனங்க வர்றாங்க. அது வாசக்கால் மாதிரி. தலையும் வாலும் இருந்த எடத்துல இருக்கணும். உள்ள மட்டும் வாரா வாரம் வேற ஆளு இருக்கணும். ஒரு வாரம் கேள்வின்னா அடுத்த வாரம் கேள்வி வேண்டாம். சிரிப்பு வரலியா, விட்டுடுங்க, சும்மா பாத்ததச் சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடைக்கு வந்த பாய், பெட்டியின் அடியிலிருந்து ஒரு கவரை எடுத்துப் பெரியநாயகத்திடம் நீட்டினார்.

“கடைசி வாரம் இதப் போட்டுருவோம் ரைட்டரே. மூணு வருசமா இதத் தள்ளித் தள்ளி வச்சிட்டிருந்தேனுங்க.”

கவர் எண் 77. சாதிக் பாஷாவின் சாய்ந்த கையெழுத்தில், ஜூன் 1993. உள்ளே ஒரு இளைஞன். நெஞ்சை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி, தொலைதூரத்தில் ஏதோ ஒரு நாட்டை ஆளப் போகிறவன்போல் பார்த்துக்கொண்டிருந்தான். படம் எடுக்க வருகிறவர்களுக்காக ஸ்டுடியோ வைத்திருந்த ஒரே கோட்டை மாட்டியிருந்தான். கோட்டின் கை மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டது.

“பாய், இது நானுங்க.”

“தெரியுமுங்க.”

வீட்டுக்குப் போனதும் பெரியநாயகம் நோட்டை விரித்தார். மூன்று வருடமாகப் பிறத்தியார் மூஞ்சியைக் கண்ணாடி போட்டுப் பார்த்தவருக்குத் தன் மூஞ்சி என்றதும் கருணை பெருகியது. ‘கனவுகள் ததும்பும் விழிகளுடன் ஓர் இளைஞன்’ என்று எழுதி அடித்தார். ‘உழைப்பின் தொடக்கம்’ என்று எழுதி, அதையும் அடித்தார். சனிக்கிழமை மத்தியானம் வரை நாலு பக்கம் அடித்தாயிற்று. இந்த ஆளைப் பற்றி மட்டும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி மரியசெல்வி, மேசையிலிருந்து படத்தை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏனுங்க, இது எப்பங்க எடுத்தது?”

“உங்க ஊட்டுக்கு அனுப்பறதுக்குத்தான். புரோக்கர் போட்டோ கேட்டாரு. வாங்கப் போறதுக்குள்ள உங்க அப்பாவே நேர்ல வந்துட்டாரு.”

அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தென்மேற்கு மழை சாய்த்து அடித்த மத்தியானம். சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, காப்பி நாற்றுக் கொட்டகையில் சேற்றோடு நின்று ஆள் எண்ணிக்கொண்டிருந்தார். குடை பிடித்த ஒரு பெரியவர் வந்து, “ரைட்டரு யாருப்பா?” என்றார். இவர் கையிலிருந்த ஈர நோட்டை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு, “நானுங்க” என்றார். பெரியவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கொட்டகையின் ஈரமண் வாசனை இந்த முப்பத்திரண்டு வருடத்தில் எந்த மழையிலும் அப்படி வந்ததில்லை. ‘அந்தக் காலத்தில்’ என்று முப்பத்தோரு தடவை எழுதியவர், இதை ஒரு தடவைகூட எழுதவில்லை.

“நல்லவேளை அனுப்பல,” என்றாள் மரியசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இது வந்திருந்தா எங்கப்பன், இந்த ராசாவுக்கு நம்ம ஊட்டுல கஞ்சி ஊத்திக் கட்டுப்படியாகாதுன்னு திருப்பி அனுப்பியிருப்பாரு.”

அவர் பேனாவை எடுத்தார். முன்னும் பின்னும் வழக்கமான வரிகள். நடுவில் இவ்வளவுதான்:

‘பெண் வீட்டுக்கு அனுப்ப எடுத்த படம். அனுப்பவில்லை. அதனால் கல்யாணம் நடந்தது. கோட்டு ஸ்டுடியோவுடையது.’

ஸ்கேன் செய்யப் படத்தைக் கவரோடு பாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வரிகளைப் பர்ஹானாவுக்கு அனுப்பினார். ஒரு நிமிடம் கழித்து, “மாமா, கமாகூடத் தொடமாட்டேன்” என்று பதில் வந்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போட்டாள். பூசை முடிவதற்குள் அறுநூறு பேர் பார்த்திருந்தார்கள். ‘கோட்டு ஸ்டுடியோவுடையது’ என்ற வரியைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் கமெண்டில் குதித்தார்கள். ஓசூரிலிருந்து ஒரு பெண், இதே கோட்டில் தன் அப்பா நிற்கும் படத்தைப் போட்டாள். அவருக்குக் கை விரல் நுனிவரை மூடியிருந்தது. அடிவாரத்திலிருந்து ஒருவர் தன் சித்தப்பாவைப் போட்டார். அவர் பட்டன் போட முடியாமல் மூச்சைப் பிடித்திருந்தார். பர்ஹானா பழைய வாரங்களைத் திரும்பப் பார்த்து எண்ணினாள். நூற்றைம்பதில் இருபத்து மூன்று படங்களில் அதே கோட்டு. பெரியநாயகம் ஒருமுறைகூட அதைக் கவனித்ததில்லை.

“இன்னும் நூத்தித் தொண்ணூறு கவர் கெடக்குது மாமா,” என்றாள் சாயங்காலம் போனில். “எழுதறீங்கல்ல?”

“படத்தக் குடு கண்ணு. பாத்துட்டுச் சொல்றேன்.”

அன்று காலை கோவில் வாசலில் நாலு பேர் இல்லை, ஒன்பது பேர் நன்றாக இருந்தது என்று சொன்னார்கள். அவரைவிட மரியசெல்விக்குத்தான் அதிகம் பேர் கைகொடுத்தார்கள். தனக்கு அந்தப் படம் வேண்டும் என்றாள் அவள். பிரேம் போட்டு மாதா படத்துக்குக் கீழே மாட்டப் போகிறாளாம், ஒவ்வொரு சண்டைக்கும் அது தேவைப்படும் என்றாள்.

திங்கட்கிழமை காலை பெரியநாயகம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, முப்பத்திரண்டு வருடம் தாமதமாக, ஸ்டுடியோவின் படியேறினார். கடை திறந்துதான் இருந்தது.

“பாய், கவர் எண் எழுபத்தேழு. வாங்கிட்டுப் போலாம்னு வந்தேனுங்க.”

அமீர் ஜான் கவரை எடுத்தார். தூசி தட்டினார். கொடுக்கப் போனவர், பின்பக்கம் சாதிக் பாஷா ரப்பர் முத்திரையில் ‘ரசீது இல்லாமல் போட்டோ கொடுக்கப்படாது’ என்று குத்தியிருந்ததைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ரசீது வச்சிருக்கீங்களா ரைட்டரே?”

ரசீது இல்லாததால் போட்டோ கொடுக்கப்படவில்லை.