மூன்று வீதத் தூள்

கலாராணி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் பழிவாங்குவதென்று முடிவெடுத்தாள். அன்று வேறு வேலை அதிகம் இருக்கவில்லை.

அதற்கு முந்தின நாள் மாலை பதுளை நகர மண்டபத்தில் புகைப்படச் சங்கத்தின் கண்காட்சி. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. முதற்பரிசுக் கோப்பை பெற்ற படத்தில் இருந்தது நமுனுகுல தோட்டத்து இராக்கம்மாக் கிழவியின் முகம். அடையாள அட்டைக்கு எடுத்த, நகத்தளவு தேய்ந்துபோன ஒரு படத்தைச் சுத்தம் செய்து, சுவரளவு பெரிதாக்கியிருந்தார்கள். "இந்த முகத்தில தோல் இருக்கு" என்று நடுவராக வந்த ஞானேஸ்வரி டீச்சர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். படத்தின் கீழே 'மீட்டுருவாக்கம்: கீர்த்திகன்' என்று அச்சிட்டிருந்தது. கீர்த்திகன் மேடையேறிக் கோப்பையை வாங்கி, நன்றியுரையில் தன் உழைப்பைப் பற்றி ஏழு நிமிடம் பேசினான். அந்த உழைப்பை இருபத்திரண்டு மணித்தியாலம் கதிரையில் இருந்து செய்த கலாராணி பின்வரிசையில் கைதட்டினாள். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

கீர்த்திகன், ஸ்டூடியோ முதலாளி சிதம்பரநாதனின் தங்கை மகன். கொழும்பில் மூன்று மாதக் கணினி வகுப்பு முடித்துச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தவன். அவனுக்கு வேலை பழக்கிவிடும்படி கலாராணியிடம் சொல்லப்பட்டது. பழக்கி முடித்ததும் அவளைக் கணினியிலிருந்து எழுப்பி, அடையாள அட்டைகளுக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டும் மேசையில் வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை அவள் முதலாளியிடம் போய், அந்தப் படத்துக்குக் கீழே தன் பெயரையும் போட்டிருக்கலாமே என்று கேட்டாள்.

சிதம்பரநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்தால் நீதி வழங்கப் போகிறார் என்று அர்த்தம்.

"பிள்ளை, நீர் பட்டனை அமத்தினீர். அவ்வளவுதான். பட்டனை ஆர் அமத்தினாலும் படம் ஒண்டுதான். தோட்டத்தில இருந்து வந்து மெஷினுக்கு முன்னால இருந்ததே பெரிய காரியம், அதுக்கு மேல பேரும் வேணுமோ?"

"சரிங்க சேர்," என்றாள் கலாராணி. அப்போது மணி பத்தரை.

அதே தெருவில் நான்கு கடை தள்ளி இத்ரூஸ் நானாவின் கொமியூனிகேஷன். தொலைபேசி, போட்டோ பிரதி, ஒரு கணினி. அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். சிதம்பரநாதன் கவலைப்படவில்லை. அவள் செய்த ஒவ்வொரு அடியும் ஸ்டூடியோ கணினியில் வரிசையாகப் பதிந்திருந்தது: புள்ளிகளை நீக்கு, பெரிதாக்கு, கொஞ்சம் கூர்மையாக்கு. ஒரு பட்டன் தட்டினால் மூன்றும் தானாக ஓடும். பதியாத அடி ஒன்று இருந்தது. அதை அவள் முகத்துக்கு முகம் மாற்றிக் கையால் செய்வாள், அதுவும் கீர்த்திகன் தேத்தண்ணி குடிக்கப் போகிற நேரத்தில். ஒளித்துச் செய்யவேண்டும் என்றில்லை. அவன் தேத்தண்ணி குடிக்கப் போகாத நேரம் குறைவு.

அந்த அடிக்கு அவள் வைத்த பெயர் 'தூள் போடுவது'. அப்பா தெமோதரையில் தேயிலைத் தொழிற்சாலைச் சலிப்பறையில் இருந்தவர், அதனால் வீட்டில் நுணுக்கமான எதுவும் தூள்தான். பழைய படத்தை ஸ்கேன் செய்தால் அழுக்கு, காகிதத்தின் சொரசொரப்பு, பிலிமின் மணிமணியான தன்மை எல்லாம் ஒன்றாக வரும். மென்பொருள் அழுக்கைத் துடைக்கும்போது மற்றதையும் சேர்த்துத் துடைத்துவிடும். பிறகு பெரிதாக்கினால், இல்லாத விவரத்தைக் கணினி பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து வழுவழுப்பாக நிரப்பும். கன்னம் புடவைக்கடைப் பொம்மையின் கன்னமாகிவிடும். ஆகவே எல்லாம் முடிந்தபின், கடைசி அளவுக்கு வந்தபின், சாம்பல் நிறத்தில் தனிப்படலம் ஒன்று மேலே விரித்து, அதில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை நூற்றுக்கு மூன்று வீதமளவில் தூவி, மயிரிழை மங்கலாக்கி, முகத்தோடு கலக்கவிடவேண்டும். தூள் தெரியக்கூடாது. அது இல்லாவிட்டால்தான் தெரியவேண்டும்.

எட்டு மாதம் அவள் ஒன்றும் செய்யவில்லை. சம்பளத்தைவிட ஒழுங்காக அவளிடம் இருந்தது பொறுமை. எட்டாவது மாதம் ஞானேஸ்வரி டீச்சரின் கணவர், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் அம்பலவாணர், காலமானார். அவருடைய நல்ல படம் என்று வீட்டில் இருந்தது, ஓய்வுபெறுமுன் எடுத்த ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அதைப் பதினாறுக்கு இருபது அங்குலத்தில் மாட்டவேண்டும். டீச்சர் தான் பரிசு கொடுத்த கைகளைத் தேடிப் போனார்.

கீர்த்திகன் பட்டனைத் தட்டினான். திரையில் முழுப்படமும் உள்ளங்கை அளவில் அடங்கி, அழகாகத் தெரிந்தது. கண்டியிலிருந்த லேபுக்கு சிடியில் அனுப்பி, மூன்றாம் நாள் பிரதி வந்தது. டீச்சர் அதைக் கடையின் நடுவில் நிமிர்த்தி வைத்துப் பார்த்தார். அம்பலவாணருக்கு நெற்றியில் சுருக்கமில்லை, துவாரமில்லை, இடது கன்னத்துத் தழும்பும் இல்லை. பின்னால் இருந்த சாம்பல் நிறத்தில் படிப்படியாகக் கோடு விழுந்திருந்தது.

"இது ஆர்?" என்று கேட்டார் டீச்சர்.

கடையில் ஆறு பேர் இருந்தார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் இத்ரூஸ் நானா. சில்லறை மாற்ற வந்தவர். ஆகவே பத்து நிமிடத்துக்குள் கலாராணிக்குச் செய்தி, நடிப்போடு வந்து சேர்ந்தது.

மறுநாள் சிதம்பரநாதனே நான்கு கடை தூரம் நடந்து வந்தார். ஒரு போட்டோ பிரதி எடுக்க வந்ததுபோல் ஒரு தாளை நீட்டினார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கலாராணி அந்த வெற்றுத்தாளையும் மரியாதையாகப் பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

"அந்தக் கிழவியின்ர படத்துக்குக் கடைசியா என்னவோ செய்தனீராமே."

"ஆமாங்க சேர். தூள் போட்டேன். நொய்ஸ். மூணு வீதம். ஒரே நிறமா போடணும், கலர்ல போட்டா சரியா வராதுங்க."

"அவ்வளவும்தானோ?"

"அவ்வளவுதாங்க. பட்டன அமத்துற வேலதானே."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எப்போது போடுவது என்பதை அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. அவர் கேட்கமாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும். முப்பது வருடம் இருட்டறையில் நின்ற மனிதர். அவருடைய உலகில் திருத்தம் எல்லாம் நெகட்டிவில்தான். பென்சில் பிடிப்பதும் சுரண்டுவதும் அதில் முடித்து, பிறகுதான் பெரிதாக்குவது. கணினி வந்தபிறகும் அவர் கடையில் அதுதான் சட்டம்: சின்னதில் வேலை, பெரிசில் கை வைக்காதே.

மருமகன் பின்னால் நிற்க, சிதம்பரநாதன் தானே சின்னதில் தூள் போட்டார். மூன்று வீதம் போதவில்லை போலிருந்ததால் பத்தாக்கினார். பிறகு பட்டன். படம் பல மடங்கு பெரிதாயிற்று. ஒவ்வொரு தூளும் கூடவே அத்தனை மடங்கு பெரிதாயிற்று. இறுதியில் ஓடிய கூர்மையாக்கல் ஒவ்வொன்றுக்கும் கரை கட்டிவிட்டது. கண்டியிலிருந்து வந்த பிரதியில் ஸ்டேஷன் மாஸ்டரின் முகமெங்கும் ரவை கொட்டியிருந்தது.

இத்ரூஸ் நானா அன்றைக்கும் சில்லறை மாற்றப் போயிருந்தார். டீச்சர் படத்தின் மேல் கையை வைத்து ஒருமுறை தடவிவிட்டு, பாஸ்போர்ட் படத்தைத் திருப்பிக் கேட்டாராம். இந்த இடத்தை நானா நடித்துக் காட்டவில்லை.

அந்தியேட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது டீச்சர் கொமியூனிகேஷன் படியேறினார். இராக்கம்மாவின் படத்தைச் செய்தது யார் என்று கீர்த்திகனிடம் நேராகவே கேட்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் கேட்டுப் பழகிய குரல்; அவன் சொல்லிவிட்டான்.

கலாராணி படத்தை வாங்கிக்கொண்டாள். டீச்சர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். புள்ளிகளை நீக்கியதும் தழும்பு மறைந்தது. தூளால் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது என்று சொல்லி, சுத்தம் செய்யாத ஸ்கேனிலிருந்து அந்த இடத்தை மட்டும் எடுத்து இழைத்தாள். பெரிதாக்கினாள், கூர்மையாக்கினாள். பிறகு தூள். வெள்ளைச் சட்டையிலும் நெற்றியின் வெளிச்சத்திலும் குறைத்தாள், கன்னத்தின் நிழலில் விட்டாள். முகத்தில் ஒரு துண்டை மட்டும் மாட்டப்போகும் பெரிய அளவிலேயே அச்சடித்துக் கையில் கொடுத்தாள். டீச்சர் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப தோல் இருக்கு," என்றார். பிறகு திரும்பி வந்து, "சிதம்பரநாதன் உம்மட்டக் கேட்க வந்தவராமே. தூளை முதல்ல போட்டா என்ன நடக்குமெண்டு உமக்குத் தெரியுமோ?"

நான்கு கடை தள்ளி ஒருத்தரைக் கவிழ்க்க, நடுவில் யாருடைய கணவனின் முகம் கிடந்தது என்பது கலாராணிக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

"தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சுகொண்டு சொல்லாம விட்டனீர்."

"ஆமாங்க."

டீச்சர் குடையை விரித்தார். "கோப்பையைத் திருப்பச் சொல்லிச் சங்கத்துக்கு எழுதிறன். அது உம்முடையது. ஆனா அந்த ரெண்டாவது முகத்தை நான் பாத்தது பாத்ததுதான். அதுக்கு உமக்கு மன்னிப்பில்லை. அந்தியேட்டிக்கு வாரும். படத்தை நீர்தான் மாட்டவேணும்."

மன்னிப்பில்லாமல் அழைப்பு. கலாராணி அதை ஏற்றுக்கொண்டாள். அவளுக்கும் மன்னிப்புக் கொடுக்கும் பழக்கம் இல்லை.

அந்தியேட்டி வீட்டில் அவள் ஆணியடித்துப் படத்தை மாட்டினாள். மாலை போட்டார்கள். சிதம்பரநாதனும் கீர்த்திகனும் வந்திருந்தார்கள். ஊரில் முகம் காட்டாமல் இருக்க முடியாதே. டீச்சர் பந்தியில் அவர்கள் இருவரையும் படத்துக்கு நேர் எதிரே இருத்தினார். அவர்களுக்கு அருகே, படத்துக்குப் பக்கவாட்டில், கலாராணிக்கு ஓர் இலை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு எல்லாம் வந்தன. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் படத்தைப் பார்த்து, மாஸ்டர் அப்படியே இருக்கிறாரே, யார் செய்தது என்று விசாரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் டீச்சர் பெயரை முழுதாகச் சொன்னார்: "தெமோதரைக் கலாராணி." பதினொரு தடவை. கலாராணி எண்ணினாள். சிதம்பரநாதன் பாயசத்தை விட்டுவிட்டு எழுந்தார்.

கை கழுவிய பிறகு அவர் படத்துக்குக் கிட்டே போனார். மூக்கு முட்டும் தூரத்தில் நின்று பார்த்தார்; மெல்லிய தூள் தெரிந்தது. இரண்டடி பின்வாங்கினார், தூள் மறைந்து கன்னம் வந்தது. மறுபடி கிட்டே போனார். திரும்பாமலே கேட்டார்:

"எப்ப போட்டனீர்?"

கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கலாராணி சொன்னாள்.

"எல்லாம் முடிஞ்ச பெறகுங்க சேர். பெரிசாக்குன பெறகு. நீங்க கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

இது பொய்யாக இருக்கலாம். ஆனால் அவர் கேட்கவில்லை என்பது உண்மை, அதை அவர் ஊர் முன்னால் மறுக்க முடியாது. சிதம்பரநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். கலாராணி அவர் துடைத்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய் இரண்டாவது தடவையாகப் பாயசம் வாங்கிக் குடித்தாள்.