மறு விசாரணைக்கு எழுந்த பெரிய வக்கீல்

நீதி என்பது சரியான நேரத்தில் கேட்கப்படும் சரியான கேள்வி என்று பெரிய வக்கீல் சொல்வார், பெரும்பாலும் கண்ணாடி முன்னால் நின்று.

அன்று ஒரு இரவு விபத்து வழக்கில் அவருடைய கட்சிக்காரரான வேன் டிரைவர் ஜெயிலுக்குப் போவாரா, வீட்டுக்குப் போவாரா என்பது ஒரே விஷயத்தில் இருந்தது: எதிரே வந்த லாரியில் விளக்கு எரியவில்லை. பக்கத்து சீட்டில் இருந்து அதைப் பார்த்தவர் டிரைவரின் மச்சான். அவர்தான் சாட்சி.

"லாரி விளக்கு இல்லாமத்தானே வந்துச்சு?" என்று முதல் விசாரணையில் வக்கீல் கேட்டார்.

"ஆட்சேபம்! பதிலை இவரே ஊட்டிவிடறார்," என்றார் அரசு வக்கீலம்மா.

நீதிபதி ஆட்சேபத்தை ஏற்றார்.

"சரி, லாரி எப்படி வந்துச்சு?"

"சக்கரத்துலதாங்க வந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள், அந்தம்மாவைத் தவிர. இந்தம்மா எங்கேயோ வலை விரிக்குது என்று சந்தேகப்பட்ட பெரிய வக்கீல், அவர் முகத்தையே பார்த்தபடி வேகம், பிரேக் என்று கேட்டு முடித்தார். உட்கார்ந்த பிறகுதான் விளக்கு நினைவுக்கு வந்தது. பரவாயில்லை, குறுக்கு விசாரணையில் அந்தம்மா அதைத் தொடாமலா போவார்? அதை விளக்கச் சாட்சியிடம் திரும்பக் கேட்கும் மறு விசாரணையில் பிடித்துக்கொள்ளலாம்.

"குறுக்கு விசாரணை இல்லை," என்றார் அந்தம்மா.

"மறு விசாரணை!" என்று எழுந்தார் வக்கீல்.

"அவங்க எதுவுமே கேக்கலையே, எதை விளக்கப் போறீங்க?" என்றார் நீதிபதி. "புது விஷயம்னா என் அனுமதி வேணும். முதல்லயே ஏன் கேக்கலை?"

பெரிய வக்கீல் எதிர்த்தரப்பு மேசையைச் சந்தேகத்தோடு பார்த்தார். விளக்கைப் பற்றிக் கேட்க அவரேதான் மறந்துவிட்டார், அவ்வளவுதான்.