அன்புடன், திருமுடி சில்க்ஸ்

அன்பாகப் பேசுவதுதான் என் வேலை. என் அம்மாவிடம் இதைச் சொன்னால் சிரிப்பாள். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் நான் ஜெனிட்டா இல்லை. காலையில் பேக்கரி, மத்தியானம் பைக் ஷோரூம், தீபாவளி வந்துவிட்டால் முழு நேரமும் சிதம்பரம் திருமுடி சில்க்ஸ். இந்தக் கடைகளின் ஃபேஸ்புக் பக்கத்தில் யார் வந்து திட்டினாலும் கடையின் பெயரில் பதில் போடுகிறவள் நான்.

ஆபீஸ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை. நடத்துகிறவர் சகாய ஆனந்த் அண்ணன். அவருடைய பாடம் ரொம்பச் சுலபம். "எவன் என்னா சொன்னாலும் எதிர்த்துப் பேசாத. அவன் எழுதுன மோசமான வார்த்தைய நம்ம பதில்ல திருப்பி எழுதாத. வருத்தம்னு சொல்லு, அப்படியே இன்பாக்ஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடு. கமெண்ட்ட மட்டும் அழிச்சிடாத. அழிச்சா ஸ்கிரீன்ஷாட்டோட வந்து நிப்பான்."

இன்பாக்ஸில் விவரம் வாங்கி, அந்தந்தக் கடைக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் போட வேண்டும். அவர்கள் சரி செய்வார்கள். சாயம் போன புடவை என்றால் பில் நம்பர். பார்சல் வரவில்லை என்றால் ஃபோன் நம்பர். என்னைக் கடித்துக் குதறிய ஒரு அம்மாள், புடவையை மாற்றிக் கொடுத்த மறுநாள் அதே இடத்தில் இதயப் படம் போட்டுவிட்டுப் போனார். நல்ல வேலைதான் பார்க்கிறோம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தீபாவளிக்குத் திருமுடியில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லோரையும் ஒரே நிறப் புடவையில் படிக்கட்டில் நிற்க வைத்து, கையில் ஆளுக்கொரு அகல் கொடுத்து போட்டோ எடுத்தோம். 'எங்கள் குடும்பத்திலிருந்து உங்கள் குடும்பத்துக்கு' என்று மேலே வாசகம் எழுதியதும் நான்தான். வாழ்த்துகள் குவிந்தன. பார்க்கிங் இல்லை, பில் போட வரிசை நகரவில்லை என்று வழக்கமான முணுமுணுப்புகளும் வந்தன. எல்லாவற்றுக்கும் குழைந்து குழைந்து பதில் போட்டுக்கொண்டு வந்தேன். அப்போதுதான் 'மழைத்துளி' என்ற பெயரில் ஒருத்தி எழுதினாள்.

"குடும்பம்னு போட்டிருக்கீங்க. இந்த போட்டோல எங்கம்மாவும் இருக்காங்க. கடை தொறந்ததுலேருந்து மூடுற வரைக்கும் நிக்கிறாங்க. இருந்த ஸ்டூலையும் கூட்டம் ஜாஸ்தின்னு தூக்கிட்டீங்க. கால் வீங்கி வீட்டுக்கு வராங்க. குடும்பத்த இப்படித்தான் வச்சிருப்பீங்களா?"

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு லைக் ஏறியது. எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது என்று சொன்னால் அது பொய். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. இதைச் சீக்கிரம் இன்பாக்ஸுக்குள் கொண்டுபோக வேண்டும்.

"வணக்கம். உங்கள் அக்கறையை மதிக்கிறோம். எங்களோடு உழைக்கும் ஒவ்வொருவரின் நலனும் எங்களுக்கு முக்கியம். இன்பாக்ஸில் பேசலாமா? உடனே கவனிக்கிறோம். அன்புடன், திருமுடி சில்க்ஸ்."

இன்பாக்ஸுக்கு வந்தாள். அவள் பெயர் அனுப்பிரியா, கல்லூரியில் படிக்கிறாள். அம்மா பெயரைக் கேட்டேன். டைப் செய்வதும் நிறுத்துவதுமாக இருந்தாள். பிறகு, "பேர் சொன்னா அம்மாவுக்கு எதுனா பிரச்சன வருமா?" என்று கேட்டாள்.

"கவலையே வேண்டாம்மா. உங்கள் அம்மா எங்களுக்கும் அம்மா மாதிரிதான்" என்று எழுதினேன். யாருடைய வாயாக இருந்து யாருக்கு வாக்குக் கொடுக்கிறேன் என்று ஒரு நிமிடம் யோசித்தேனா? கிடையாது. அவளும் நம்பிவிட்டாள். இருசம்மாள், இரண்டாவது மாடி, பட்டுப் பிரிவு. புடவைக்குப் பில் நம்பர் அனுப்புவதைப் போலவே அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டேன். கடை மேனேஜர் காத்தவராயன் கட்டை விரல் காட்டினார். "சூப்பர் ஜெனி, நெருப்ப ஊதாம அணைச்சிட்ட" என்றார் ஆனந்த் அண்ணன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தூ.

மறுநாள் டிபன் டப்பாவைத் திறக்கும் நேரத்தில் அனுப்பிரியாவிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, அம்மாவ இனிமே வர வேணாம்னுட்டாங்க. கடை விஷயத்த வெளிய பேசுற ஆளு தேவையில்லையாம். பாத்துக்கறோம்னு சொன்னீங்களே அக்கா."

நான் அக்கா என்று அவளுக்கு யார் சொன்னது? கடையின் பெயரில்தான் பேசினேன். என் பேச்சில் ஒரு அக்காவைக் கண்டுபிடித்திருக்கிறாள் அந்தப் பெண். டப்பாவை மூடி வைத்தேன்.

அந்தச் சமயத்திலேயே குரூப்பில் காத்தவராயன் எழுதினார். "மேட்டர் முடிஞ்சிது. கமெண்டுக்குக் கீழ பிரச்சன தீந்துடுச்சின்னு போடுங்க. அந்தப் பொண்ணையே அழிக்கச் சொல்லுங்க."

நான் ஆனந்த் அண்ணனிடம் ஓடினேன். அவர் கிளம்பிக்கொண்டிருந்தார். சிப்காட் பக்கம் புதிதாக ஒரு கம்பெனியைப் பார்க்க வேண்டியிருந்தது.

"அது அவுங்க கடை விவகாரம் ஜெனி. நாம என்னா பண்ண முடியும்?"

"பேர நான்தான அண்ணா வாங்கிக் குடுத்தேன். ஒண்ணும் ஆகாதுன்னு வேற சொல்லியிருக்கேன்."

"நீ எப்பவும் பண்றதத்தான் பண்ணின. உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தப்பே இல்லாமல் ஒரு பொம்பளையின் வயிற்றில் அடிக்க முடிகிறது என்றால் அது என்ன எழவு வேலை?

முதலில் அனுப்பிரியாவுக்கு எழுதினேன். இந்த முறை 'எங்கள்' என்று எழுதவில்லை. "என் பேரு ஜெனிட்டா. இந்தப் பக்கத்துல பதில் போடறது நான். அம்மா பேர கடைக்கு அனுப்பினதும் நான்தான். ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னது தப்பு. மன்னிச்சிடும்மா." அவள் பார்த்துவிட்டாள் என்று காட்டியது.

ஆபீஸில் நான் மட்டும்தான் இருந்தேன். கோபம் கோபமாக வந்தது, காத்தவராயன் மேல் பாதி, என் மேல் மீதி. கடையைக் கிழித்துத் தொங்கவிட்டு நாலு வரி எழுதலாம் என்று கை துறுதுறுத்தது. எழுதினால் என்ன ஆகும்? என்னை வெளியே அனுப்புவார்கள், அதை அழிப்பார்கள், இருசம்மாள் வீட்டிலேயே இருப்பார். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒரே தொழில்தான். அதையே செய்தேன். மழைத்துளியின் கமெண்டுக்குக் கீழே, எல்லோருக்கும் தெரியும்படி, கடையின் பெயரில் எழுதினேன்.

"வணக்கம். பெற்ற தாய் மேல் ஒரு பிள்ளை காட்டும் அக்கறை எங்கள் மனதைத் தொட்டது. எடுத்துச் சொன்னதற்கு நன்றி. எல்லா மாடிகளிலும் எங்கள் ஊழியர்கள் உட்கார ஸ்டூல் போடுகிறோம். உங்கள் அம்மா எப்போதும்போல் எங்களோடு வேலையில் இருப்பார். உங்கள் வீட்டில் தீபாவளி சந்தோஷமாக இருக்கட்டும். அன்புடன், திருமுடி சில்க்ஸ்."

பெயர் போடவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. ஒரு சுடுசொல் கிடையாது. ஆனந்த் அண்ணன் சொல்லிக்கொடுத்த எதையும் மீறவில்லை. பொத்தானை அழுத்தினேன்.

ஊர் ஜனங்களுக்கு நல்ல செய்தி என்றால் அவ்வளவு பசி போல. "இதுதாண்டா முதலாளி" என்று ஒருத்தர். "இனிமே துணி எடுத்தா திருமுடிதான்" என்று இன்னொருத்தர். சிதம்பரத்துச் செய்திகள் போடும் ஒரு பக்கம் அதை எடுத்துப் பகிர்ந்தது. ஆனந்த் அண்ணன் சாயங்காலம் படியேறி வரும்போதே முகம் சிவந்திருந்தது.

"யாரக் கேட்டுப் போட்ட?"

"யாரையும் கேக்கல. அழிக்கறதுன்னா அழிங்க அண்ணா. ஸ்கிரீன்ஷாட்டோட வருவாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திருமுடி முதலாளி கோவிந்தசாமி ஏற்கெனவே கூப்பிட்டுக் காதைக் கிழித்திருக்கிறார். ஆனால் அவர் இரண்டாம் முறை கூப்பிட்டபோது குரல் மாறியிருந்தது. கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்களாம். ஸ்பீக்கரில் போட்டார் அண்ணன். "ஸ்டூல் வாங்கச் சொல்லிட்டேன். அந்தம்மாவையும் வரச்சொல்லியாச்சி. அது ஸ்டூல்ல உக்காந்திருக்கற மாதிரி ஒரு போட்டோ போடணும். அந்த எழுதற பொண்ண அனுப்புப்பா."

இருசம்மாளுக்கு வேலை திரும்பியது. நான் குதித்திருக்க வேண்டும். குதிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பஸ் பிடித்துச் சிதம்பரம் போனேன். இரண்டாவது மாடியில் புது பிளாஸ்டிக் ஸ்டூல், சுற்றியிருந்த கவரைக்கூடப் பிரிக்காமல் இருந்தது. இருசம்மாளுக்கு மெலிந்த உடம்பு, என் அம்மா வயதுதான் இருக்கும். காத்தவராயன் "உக்காரும்மா, சிரி" என்று அதட்டினார். இருசம்மாள் ஸ்டூலின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். சிரிக்கவும் செய்தார். புடவைக்குக் கீழே தெரிந்த கணுக்காலைப் படத்துக்குள் வராமல் நான் ஒதுக்க வேண்டியிருந்தது. அது அவ்வளவு வீங்கியிருந்தது.

எடுத்து முடித்ததும் அவர் சட்டென்று எழுந்து நின்றார். காத்தவராயன் கீழே இறங்கிப் போகும்வரை உட்காரவில்லை.

"உக்காருங்கம்மா. அதான் போட்டாச்சே" என்றேன்.

"உக்காரலாமா?" என்று என்னைக் கேட்டார். நான் யார் அவருக்கு அனுமதி கொடுக்க?

"அம்மா, நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் கண்ணு. பொண்ணு சொல்லிச்சி. மொத நாளு அது சொன்னப்ப எவ்வளவு சந்தோசமா இருந்துச்சி தெரியுமா? கடையில ஒரு அக்கா எவ்ளோ அன்பா விசாரிக்கிதும்மான்னு சொல்லி, பேரு எழுதி அனுப்பிச்சி. இப்ப அந்த ஃபோன தொடவே பயப்படுது, எங்கம்மாவோட வேலைய நானே போக்கிட்டேன்னு அழுதுது." அவர் குரலில் கோபம் இல்லை. மடித்த பட்டுப் புடவையின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னார். "அதட்டிக் கேட்டா எவளும் சொல்ல மாட்டா. அன்பாக் கேட்டா சொல்லிடுவோம். அதனால இனிமே யாருகிட்டயும் அப்படி அன்பாக் கேக்காத கண்ணு."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடலூர் வருவதற்குள் போட்டோவைப் போட்டாகிவிட்டது. லைக் கொட்டியது. நடுவில் ஒரு கமெண்ட். "எங்க மாடிக்கு இன்னும் ஸ்டூல் வரல." எழுதியவள் சொந்தப் பெயரில், சொந்த முகத்தோடு எழுதியிருந்தாள். 'வணக்கம், உங்கள் அக்கறையை மதிக்கிறோம், இன்பாக்ஸில்' என்று விரல்கள் பாதி தூரம் தாமாகவே போய்விட்டன. அடித்ததையெல்லாம் அழித்தேன். காத்தவராயன் கண்ணில் படுவதற்குள் அவளுடைய கமெண்டை வேறு யாருக்கும் தெரியாதபடி மறைத்தேன். பிறகு குரூப்பில் போய், எந்த ஸ்கிரீன்ஷாட்டும் இல்லாமல், எல்லா மாடிக்கும் ஸ்டூல் போட்டாயிற்றா, நான் நேரில் வந்து பார்க்கலாமா என்று என் பெயரில் கேட்டேன்.

காத்தவராயன் உடனே எழுதினார். "யாரு கம்ப்ளெயிண்ட் பண்ணது? பேரு என்னா?"

"யாரும் இல்ல சார், நான்தான்" என்று பதில் போட்டேன்.